ரவுட்டர் மாறினாலும் பழைய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும்: பாதிச் சாதனங்கள் ஏன் இணைவதில்லை?

கேள்வி: அண்ணா, நாங்கள் பெரியகல்லாற்றில் இருக்கிறோம். பழைய கம்பி இணைப்பை ஃபைபருக்கு மாற்றியபோது புதிய ரவுட்டர் பொருத்திவிட்டுப் பழையதைக் கொண்டுபோய்விட்டார்கள். போன், டிவி, பிரிண்டர், கமரா எல்லாம் சேர்த்து 12 சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்பவும் இணைக்கப் பஞ்சிப்பட்டு, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் புதியதிலும் போட்டேன். பாதி தானாக இணைந்தது, பாதி இணையவில்லை. நான் செய்தது சரியா? மீதியை எப்படி இணைப்பது?

பதில்:

நீங்கள் எடுத்த வழி சரியானதுதான். பாதிச் சாதனங்கள் தாமாக இணைந்துவிட்டன என்பதே பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருக்கின்றன என்பதற்குச் சான்று. வீட்டுச் சாதனங்கள் ரவுட்டர் என்ற பெட்டியை அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகிய மூன்றையுமே அவை சேமித்து வைத்திருக்கின்றன. இந்த மூன்றும் ஒத்திருந்தால், பெட்டி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் பெரும்பாலான சாதனங்கள் அதைப் பழைய வீட்டு வைஃபை என்றே எடுத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் இணைந்துவிடும். நீங்கள் இரண்டை மாற்றியிருக்கிறீர்கள். மூன்றாவதையும், இவற்றோடு சம்பந்தமில்லாத இன்னும் இரண்டொரு விடயங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இணையாத சாதனங்களில் "Forget" என்பதை இப்போதைக்கு அழுத்தாதீர்கள். பழைய ரவுட்டர் கையை விட்டுப் போய்விட்ட நிலையில், அதன் அமைப்புகள் சரியாக என்னவாக இருந்தன என்பது அந்தச் சாதனங்களின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதை அழித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

பெயரிலிருந்து தொடங்குவோம். பெயர் என்பது மனிதர் வாசிப்பதற்கான அடையாளம் மட்டும்தான், கடவுச்சொல் சரியாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். WPA2 என்ற பாதுகாப்பு முறையில் அப்படி இல்லை. கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் ஒன்றாகக் கலந்து, 4096 தடவை ஒரு கணக்கைச் சுழற்றி, அதில் கிடைக்கும் திறவுகோலைத்தான் சாதனமும் ரவுட்டரும் பயன்படுத்துகின்றன. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், அதே கடவுச்சொல்லிலிருந்து முற்றிலும் வேறொரு திறவுகோல் பிறக்கும். `AMMA-VEEDU` என்பதும் `Amma-Veedu` என்பதும் சாதனத்தின் கண்ணுக்கு இரண்டு வெவ்வேறு வீடுகள். இடையில் உள்ளது கோடா, அடிக்கோடா, வெற்றிடமா என்பதும் முக்கியம். எல்லாவற்றிலும் தொல்லை தருவது பெயரின் இறுதியில் யாரோ தவறுதலாகத் தட்டிய ஒரு வெற்றிடம்தான், ஏனெனில் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பக்கக் குறிப்பு. வைஃபை பெயருக்கு 32 பைட் மட்டுமே இடம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட் என்றால், தமிழில் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட், அதன்மேல் ஏறும் புள்ளிக்கோ கொம்புக்கோ இன்னும் மூன்று பைட் செலவாகும். "கல்முனை" 21 பைட்டில் அடங்கிவிடும், "மட்டக்களப்பு" 36 பைட் ஆகி வெளியே நிற்கும். தமிழ்ப் பெயரை ஏற்காத ரவுட்டர்களும் உண்டு. பழைய பெட்டி ஏற்றுக்கொண்ட பெயரைப் புதியது மறுத்தால், இந்தப் பதிலில் உள்ள வழி உங்களுக்கு உதவாது, எல்லாவற்றையும் புதிதாக இணைக்கத்தான் வேண்டும்.

பழைய அமைப்பைத் துல்லியமாக அறிய, முன்பு அந்த வைஃபையில் இணைந்திருந்த ஒரு விண்டோஸ் லாப்டொப் போதும். அதில் Command Prompt ஐ "Run as administrator" என்று திறந்து, இந்த இரண்டு கட்டளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இடுங்கள். முதலாவது சேமிக்கப்பட்ட பெயர்களைப் பட்டியலிடும். இரண்டாவதில் உங்கள் பெயரை மாற்றி இட வேண்டும்.

```
netsh wlan show profiles
netsh wlan show profile name="AMMA-VEEDU" key=clear
```

இரண்டாவது கட்டளை தரும் நீளமான பதிலில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். `SSID name` என்ற வரியில் பெயர் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். எனவே இறுதியில் வெற்றிடம் இருந்தால், எழுத்துக்கும் மேற்கோள் குறிக்கும் இடையே இடைவெளி தெரிந்துவிடும். `Authentication` என்ற வரி பாதுகாப்பு முறையைச் சொல்லும், பெரும்பாலும் அது `WPA2-Personal` என்றிருக்கும். `Key Content` என்ற வரியில் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். பழைய ரவுட்டரில் இருந்த மூன்றும் ஒரே திரையில் வந்துவிடுகின்றன என்பதால்தான் கைத்தொலைபேசியை விட இந்த வழியை விரும்புகிறேன். லாப்டொப் இல்லாவிட்டால், அண்ட்ரொய்ட் 10 அல்லது அதற்குப் பிந்திய கைத்தொலைபேசியில் சேமித்த வைஃபையைப் பகிரும் இடத்தில் கியூஆர் குறியீடு வரும். ஐபோனில் iOS 16 முதல், வைஃபை அமைப்பிலேயே கடவுச்சொல்லைப் பார்க்கலாம்.

ஒரு சாதனத்தில் இப்போது கடவுச்சொல்லைத் திரும்பத் தட்டி இணைத்திருந்தால், அதில் உள்ளது புதிய பதிவு. தானாக இணைந்த ஒன்றிலோ, இன்னும் தொடாத ஒன்றிலோ பாருங்கள்.

இனிப் பாதுகாப்பு முறை. இங்கேதான் உங்கள் "பாதி" பெரும்பாலும் சிக்கியிருக்கும். கம்பி இணைப்புக் காலத்து ரவுட்டர்கள் WPA2 முறையில் இயங்கியவை. WPA3 என்ற அடுத்த முறை 2018 இல் அறிமுகமானது. புதிய ஃபைபர் பெட்டிகள் சில WPA2/WPA3 என்ற கலப்பு முறையிலும், மிகச் சில WPA3 மட்டும் என்றும் வருகின்றன. WPA3 மட்டும் என்றிருந்தால், WPA2 என்று நினைவில் வைத்திருக்கும் விண்டோஸ் கணினி, பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் இணையாது. பழைய பிரிண்டரும் மலிவான ஸ்மார்ட் பிளக்கும் அந்த மொழியையே அறியாதவை. கலப்பு முறையில் எல்லாம் இணைய வேண்டும் என்பது விதி, ஆனால் பழைய பிரிண்டர் சில, கலப்பு அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் கடவுச்சொல் தவறு என்று சொல்லித் திரும்பிவிடுகின்றன. பெயரும் கடவுச்சொல்லும் சரி என்று உறுதியாகத் தெரிந்தும் ஒரு சாதனம் "கடவுச்சொல் தவறு" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், என் சந்தேகம் முதலில் இதன்மீதுதான் விழும்.

இதற்குப் புதிய ரவுட்டரில் `WPA2-PSK` மற்றும் `AES` என்பதைத் தெரிவு செய்யுங்கள். வீட்டுப் பாவனைக்கு, நல்ல நீளமான கடவுச்சொல்லோடு, அது இன்றைக்கும் போதுமானது. ஆனால் `TKIP` அல்லது `WEP` என்று பெயர் வரும் எதையும், ஒரே ஒரு பழைய சாதனத்துக்காக, தெரிவு செய்ய வேண்டாம். அந்தச் சாதனத்தைக் கேபிளில் இணைப்பது நல்லது.

மீதியை ஒரு நடந்த கதையாகச் சொன்னால் விளங்கும். போன வருடம் ஆரையம்பதியில் உள்ள என் தங்கையின் வீட்டில் இதேபோல் பெட்டி மாற்றப்பட்டது. வீட்டின் முன்னறையில் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றும் நடக்கிறது. நான்கு கைத்தொலைபேசிகள், பிள்ளையின் டப், டிவி, லாப்டொப், கடைக் கணினி, பிரிண்டர், கமராக்களின் பதிவுப் பெட்டி, தண்ணீர் மோட்டாருக்கான ஸ்மார்ட் பிளக் என்று மொத்தம் 11 சாதனங்கள். மச்சான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கையால் இணைக்கத் தொடங்குமுன் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். லாப்டொப்பில் மேலே சொன்ன கட்டளையை ஓட்டிப் பழைய மூன்றையும் ஒரு தாளில் எழுதினேன். பிறகு அதே லாப்டொப்பைக் கேபிளால் புதிய பெட்டியில் இணைத்தேன். வைஃபையில் இருந்துகொண்டே வைஃபை பெயரை மாற்றினால், சேமித்த கணமே நாம் நிற்கும் கொப்பு முறிந்துவிடும். அதனால் கெடுதி இல்லை, ஆனால் மாற்றம் பதிவாகியதா இல்லையா என்று தெரியாமல் முழிக்க நேரிடும்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாளில் உள்ளே நுழையும் முகவரியாக `192.168.100.1` என்று இருந்தது. உலாவியில் அதைத் தட்டி உள்ளே போனபோது, வைஃபைக்கு இரண்டு தனிப் பக்கங்கள் இருந்தன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு, மற்றது 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு. பழைய பெட்டியில் இருந்தது 2.4 மட்டுமே. பலர் தவறுவது இங்கேதான்: முதலில் கண்ணில்படும் பக்கத்தில் பழைய பெயரைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அது 5 இன் பக்கமாக இருந்தால், கைத்தொலைபேசிகள் எல்லாம் இணைந்துவிடும், பிரிண்டரும் பிளக்கும் அந்தப் பெயரையே காணாது, ஏனெனில் அவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். நீங்கள் சொன்ன "பாதி" எந்தப் பாதி என்று எண்ணிப் பாருங்கள். புதியவை எல்லாம் இணைந்து, மலிவானவையும் பழையவையும் வெளியே நின்றால், நீங்கள் செய்தது இதுவாக இருக்கலாம்.

பழைய பெயரை 2.4 இன் பக்கத்துக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். 5 க்கும் அதையே கொடுப்பதா என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. கொடுத்தால் கைத்தொலைபேசி அருகில் இருக்கும்போது வேகமான அலையையும், இரண்டு சுவர் தாண்டினால் தூரம் போகும் அலையையும் தானாகப் பிடித்துக்கொள்ளும். எனவே கொடுக்கத்தான் சொல்வேன். புதிதாக ஒரு ஸ்மார்ட் சாதனத்தை முதன்முதலாக இணைக்கும்போது சிரமம் வந்தால், 5 ஐச் சற்று நேரம் நிறுத்திவிட்டு இணைத்து, மறுபடி இயக்கிவிடலாம்.

பெயர், கடவுச்சொல் இரண்டையும் இரு பக்கங்களிலும் எழுதிச் சேமித்ததும், நாங்கள் எதையும் தொடாமலே எட்டு சாதனங்கள் இணைந்தன. பிரிண்டர், பிளக், பதிவுப் பெட்டி ஆகிய மூன்றும் நின்றன. மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள்.

பிரிண்டரின் வைஃபை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அது மேலே சொன்ன கலப்பு முறைச் சிக்கல். WPA2 மட்டும் என்று மாற்றிய சில நிமிடங்களில் விளக்கு நிலையாக எரிந்தது. பிளக்கின் கதை வேறு. அதைக் கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கைத்தொலைபேசியில் அலைகளைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்து பார்த்தால், புதிய பெட்டி தானாகத் தெரிவு செய்துகொண்ட `Channel` என்ற வழித்தடம் 13 என்று காட்டியது. வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படும் சாதனங்கள் பல 1 முதல் 11 வரையான தடங்களை மட்டுமே கேட்கும். 13 இல் ஒலிபரப்பாகும் வைஃபை அவற்றுக்கு இல்லாத வைஃபை. தானியங்கித் தெரிவை நிறுத்தி 6 என்று போட்டு, தடத்தின் அகலத்தையும் 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்கியதும் பிளக் தானாக வந்து சேர்ந்தது. நமது பக்கத்தில் பாதி வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த சாமான்தானே இருக்கிறது, ஆகவே இதையும் பார்த்து வையுங்கள். 1, 6, 11 என்ற மூன்றில் எது அயலவர்களிடம் குறைவாக இருக்கிறதோ அதை எடுக்கலாம்.

பதிவுப் பெட்டி வைஃபையிலேயே இல்லை. அது கேபிளால் ரவுட்டருடன் இணைக்கப்பட்டது. வைஃபை பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அதற்குப் பொருட்டில்லை. அப்படியானால் ஏன் வேலை செய்யவில்லை? அதே நேரத்தில் பிரிண்டரும், விளக்கு நிலையாக எரிந்தும், கடைக் கணினியில் "Offline" என்றே காட்டியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைப்பது, உள்வீட்டு முகவரிகளைக் கூடவே கொண்டுவராது.

பழைய ரவுட்டரின் முகவரி `192.168.1.1`. அதன் கீழே வீட்டுச் சாதனங்கள் எல்லாம் `192.168.1` என்று தொடங்கும் முகவரிகளைப் பெற்றிருந்தன. கைத்தொலைபேசி போன்றவை ஒவ்வொரு தடவையும் ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பதால், தெருப் பெயர் மாறினாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் பிரிண்டரையும் பதிவுப் பெட்டியையும் முன்பு பொருத்தியவர், கணினி எளிதில் கண்டுபிடிக்கட்டும் என்று `192.168.1.50`, `192.168.1.108` என்ற நிலையான முகவரிகளை அவற்றிலேயே எழுதிவைத்திருந்தார். புதிய பெட்டியோ `192.168.100` என்ற வேறு தெருவில் வீட்டை நடத்துகிறது. சாதனம் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டது, ஆனால் தன் முகவரி இன்னும் பழைய தெருவில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை அடையாளம் காண்பது சுலபம்: ரவுட்டரின் பக்கத்தில் இணைந்த சாதனங்களின் பட்டியலில் அது தெரியும் அல்லது விளக்கு நிலையாக எரியும், ஆனால் யாரும் அதோடு பேச முடியாது.

இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் போய் முகவரியை மாற்றலாம். பதிவுப் பெட்டிக்கு அதன் கடவுச்சொல் தெரிய வேண்டும், பிரிண்டரின் சிறிய திரையில் அம்புக்குறிகளோடு மல்லுக்கட்ட வேண்டும், கடைக் கணினியில் பிரிண்டரை மறுபடி சேர்க்க வேண்டும். அல்லது, ஒரே இடத்தில், புதிய ரவுட்டரையே பழைய தெருவுக்குக் குடியேற்றலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், ஏனெனில் பழைய பெயரையே வைத்துக்கொள்வதன் நோக்கமும் இதுவேதான்: பல சாதனங்களைத் தொடுவதற்குப் பதிலாக ஒன்றைத் தொடுவது. ரவுட்டரில் LAN என்ற பக்கத்தில் அதன் முகவரியை `192.168.1.1` என்றும், `Subnet Mask` என்ற முகமூடியை `255.255.255.0` என்றும் மாற்றினேன். அதே பக்கத்தில் அது தானாகக் கொடுக்கும் முகவரிகளின் எல்லை இருக்கும். அதை 150 முதல் 220 வரை என்று வைத்தேன். இந்த எல்லை கவனம் வேண்டியது. 2 முதல் 254 வரை என்று விட்டால், ஒருநாள் ரவுட்டர் 108 ஐ ஒரு விருந்தாளியின் கைத்தொலைபேசிக்குக் கொடுத்துவிடும், அன்றைக்குக் கமரா நின்றுபோகும். அடுத்த நாள் தானாக வேலை செய்யும். அப்படி விட்டுவிட்டு வரும் பிழையைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

சேமித்தவுடன் உலாவிப் பக்கம் உறைந்துபோகும். பயப்பட வேண்டாம், பழைய முகவரியில் இப்போது யாரும் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டி, `192.168.1.1` என்று தட்டினால் மீண்டும் உள்ளே போகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டி ஒன்றும் அதன் பின்னால் ரவுட்டர் ஒன்றும் என்று இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இருந்து, முன்னது ஏற்கெனவே `192.168.1.1` இல் இருந்தால், பின்னதற்கும் அதே தெருவைக் கொடுக்கக் கூடாது. இணையமே நின்றுவிடும். அந்த நிலையில் சாதனங்களைத்தான் மாற்ற வேண்டும்.

இதன் பிறகு 11 உம் இணைந்தன. ஆனாலும் கடைக் கணினியில் பகிர்ந்திருந்த கோப்புறை லாப்டொப்பில் தெரியவில்லை. விண்டோஸ் ஒரு வலையமைப்பைப் பெயரால் மட்டுமன்றி, அதன் வாசலில் நிற்கும் ரவுட்டரின் வன்பொருள் எண்ணாலும் இனங்காண்கிறது. பெயர் பழையதானாலும் வாசல் புதியது என்பதால், அதைப் புதிய வலையமைப்பாக எண்ணி "Public" என்ற நிலையில் வைத்து, பகிர்வை மூடிவிடலாம். வைஃபை பண்புகளில் "Private" என்று மாற்றினால் சரியாகிவிடும். கமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காகப் பழைய ரவுட்டரில் "Port forwarding" என்ற வாசல் திறப்பு ஏதும் செய்திருந்தால், அதுவும் பழைய பெட்டியோடு போய்விட்டது, புதியதில் மறுபடி எழுத வேண்டும். செயலியில் சாதன எண்ணைக் கொண்டு பார்க்கும் வகை என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இந்த வேலைகளின்போது ஒன்றைச் செய்யாதீர்கள். எதுவும் சரிவரவில்லை என்று புதிய பெட்டியின் பின்னால் உள்ள `RESET` துளையில் ஊசியை விடாதீர்கள். பழைய ரவுட்டரில் அது பழக்கமான மருந்தாக இருந்திருக்கலாம். ஃபைபர் பெட்டியில், பொருத்த வந்தவர் உங்கள் இணைப்புக்காக உள்ளே எழுதியவையும் அதில் அழிந்துவிடலாம். பிறகு நிறுவனத்திலிருந்து ஆள் வரும்வரை இணையமே இருக்காது.

கடைசியாக, பழையதையே வைத்துக்கொள்வது பாதுகாப்பா என்பது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் விடயத்தில் அது பொருந்துகிறது. உங்கள் பழைய கடவுச்சொல் நீங்களாக வைத்ததா, அல்லது பழைய பெட்டியின் அடியில் அச்சிட்டு ஒட்டியிருந்ததா? நீங்களாக வைத்தது, நீளமானது, வீட்டாருக்கு மட்டும் தெரியும் என்றால் தாராளமாக வைத்திருக்கலாம். ஒட்டியிருந்ததையே பாவித்திருந்தால், அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய பெட்டி இப்போது உங்கள் கையில் இல்லை. அது எந்தக் களஞ்சியத்தில் கிடக்கிறது, இனி யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த நிலையில் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்துப் புதிய கடவுச்சொல் வைப்பதையே நான் தெரிவு செய்வேன். பெயரை மட்டும் பழையதாக விட்டு, கடவுச்சொல்லை மாற்றினால் வேலை பாதியாகும் என்று நினைக்காதீர்கள். அப்போது எல்லாச் சாதனங்களும் பழைய கடவுச்சொல்லோடு முட்டிக்கொண்டே இருக்கும், சில சாதனங்கள் புதியதைக் கேட்கவும் மாட்டா. மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்றுங்கள்.

தங்கையின் வீட்டில் கடவுச்சொல் அவர்களாக வைத்ததுதான், ஆனால் போட்டோக்கொப்பி எடுக்க வந்த பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அது தெரிந்திருந்தது. அதற்காக வீட்டு அமைப்பை அன்றைக்கு மாற்றவில்லை. புதிய பெட்டியில் விருந்தினர் வைஃபை என்ற வசதி இருந்ததால், கடைக்கு வருபவர்களுக்கென்று அதில் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தோம். வீட்டின் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் கடைசியாக ஒரே ஒரு தடவை மாற்றி, வைஃபையில் உள்ள 10 சாதனங்களையும் ஒவ்வொன்றாக இணைக்கும் வேலையை டிசம்பர் விடுமுறைக்கு மச்சான் ஒத்திவைத்திருக்கிறார். ரவுட்டரின் உள்நுழைவுக் கடவுச்சொல்லை மட்டும் அன்றைக்கே மாற்றிவிட்டோம். அதை எந்தச் சாதனமும் நினைவில் வைத்திருப்பதில்லை, ஆகவே மாற்றுவதால் எதையும் மறுபடி இணைக்க நேராது. நீங்களும் இன்றைக்கே அதைச் செய்துவிடலாம்.